தோற்ற திட்டத்தைப் பற்றி லிங்க்டினில் எழுதுவது எப்படி: ஒரு மருந்து குடோனை வைத்து ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு மருந்து மொத்த விற்பனையாளருக்குப் பழைய ஸ்டாக் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுக்கும் திட்டத்தை நான் முன்னின்று நடத்தினேன். புது சிஸ்டம் ஓடத் தொடங்கிய ஒன்பதாவது நாள் அவர்கள் பழையதற்கே திரும்பினார்கள். அந்த ஒன்பது நாளில் போட்ட சுமார் 1,900 பில்களையும் நான்கு பேர் மூன்று வார இறுதிகளில் உட்கார்ந்து பழைய சிஸ்டத்தில் மறுபடி ஏற்றினோம். ஒப்பந்தம் ரத்தானது.

அதைப் பற்றி லிங்க்டினில் எழுத எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. மூன்று முறை எழுதி அழித்தேன். நான்காவது பதிவைப் படித்துவிட்டு, அதே மாதிரி மாற்றத்தைச் செய்யவிருந்த இரண்டு பேர் தங்கள் சோதனைத் திட்டத்தை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். முதல் மூன்றில் என்ன இல்லை, நான்காவதில் என்ன இருந்தது என்பதை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தன் வேலையில் ஒன்று சறுக்கியதை முதல்முறையாக வெளியே சொல்லப் போகிறவர்களுக்கு இது.

முதல் படி: பதிவை எழுதாதீர்கள், நாட்குறிப்பை எழுதுங்கள்

உட்கார்ந்ததும் "இந்தத் திட்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னவென்றால்" என்று தொடங்கினால், கை தானாகவே எல்லோரும் எழுதும் வாக்கியத்துக்குப் போய்விடும். என் முதல் பதிவு அப்படித்தான் போனது. அதனால் முதலில் யாருக்கும் காட்டாத ஒரு தாளில், நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டு விஷயம் வேண்டும்: அன்று என்ன நடந்தது, அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது. இரண்டாவதுதான் முக்கியம். பின்னால் தெரிந்ததை முன்பே தெரிந்ததுபோல எழுதிவிட்டால், படிப்பவருக்கு "இவ்வளவு வெளிப்படையான தப்பை ஏன் செய்தார்?" என்று தோன்றும். அதே தப்பு தன் முன்னால் நிற்கும்போது அவருக்கு அது அடையாளம் தெரியாது.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழு, டிக்கெட் பட்டியல் மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். நான் நினைவிலிருந்து எழுதியபோது, குடோன் பொறுப்பாளர் பிரச்சினையைச் சொன்னது ஐந்தாவது நாள் என்று எழுதியிருந்தேன். வாட்ஸ்அப்பில் பார்த்தால் மூன்றாவது நாள். இடையில் இரண்டு நாள் நான் அதை "பயன்படுத்தும் விதத்தில் உள்ள குழப்பம்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் பதிவில் வர வேண்டியது. நினைவு அதை அழகாக மறைத்துவிட்டது.

என் தாளில் இருந்தது சுருக்கமாக இது. பழைய சிஸ்டத்தில் 11,400 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் 'பேக்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கடைக்காரர்கள் பதினான்கு வருடமாகத் தங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி வந்திருந்தார்கள். `10X10` என்றால் பத்து மாத்திரை கொண்ட பத்து பட்டை, சேர்ந்து ஒரு பெட்டி. இருப்பு பெட்டிக் கணக்கில் இருக்கும். `15'S` என்றால் பதினைந்து மாத்திரை கொண்ட ஒரு பட்டை. அங்கே இருப்பு பட்டைக் கணக்கில் இருக்கும். புது சிஸ்டத்தில் எல்லாமே பட்டைக் கணக்கு. எங்கள் மாற்றும் புரோகிராம் பேக் கட்டத்தில் வரும் முதல் எண்ணை எடுத்து, அதுதான் ஒரு பெட்டியில் உள்ள பட்டைகள் என்று வைத்துக்கொண்டு இருப்பைப் பெருக்கியது. `10X10`-க்கு அது சரி. `15'S`-க்கு, ராக்கில் இருந்த 40 பட்டை புது சிஸ்டத்தில் 600 ஆனது. இப்படிச் சுமார் 1,700 பொருள்கள்.

மாறுவதற்கு முந்தைய இரவு நாங்கள் சரிபார்க்காமல் இல்லை. பொருள்களின் எண்ணிக்கை பொருந்தியது. மொத்த ஸ்டாக் மதிப்பும் சில ரூபாய் வித்தியாசத்துக்குள் பொருந்தியது. காரணம் இப்போது தெரியும். அதே புரோகிராம் இருப்பை 15-ஆல் பெருக்கிவிட்டு, கொள்முதல் விலையை 15-ஆல் வகுத்திருந்தது. 40 பட்டை, பட்டை 30 ரூபாய் என்றால் 1,200. 600 பட்டை, பட்டை 2 ரூபாய் என்றாலும் 1,200. விற்பனை விலையைத் தனிப் பட்டியலிலிருந்து ஏற்றியதால் பில்லிலும் தப்பு தெரியவில்லை. 200 பொருள்களைக் கையால் சோதித்தோம். அவை அதிகம் விற்கும் 200. அதிகம் விற்பவை பெட்டியாகத்தான் வரும், அதாவது எல்லாம் `10X10` வகை. தப்பு இருந்த பக்கம் நாங்கள் போகவே இல்லை.

இரண்டாம் படி: பாடத்தை ஒரே வாக்கியமாக்குங்கள், பிறகு அதைச் சோதியுங்கள்

இதில்தான் பெரும்பாலான பதிவுகள் விழுகின்றன. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பதிவின் பாடம்: "தகவல் பரிமாற்றம் மிக முக்கியம்." இரண்டாவதின் பாடம்: "சோதனைக்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும்." மூன்றாவதின் பாடம்: "வாடிக்கையாளரின் தரவு சுத்தமாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்." மூன்றிலும் பொய் இல்லை. ஆனால் அவற்றைப் படித்துவிட்டு ஒருவர் திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போய் எதையும் வேறு மாதிரி செய்ய முடியாது. நாங்களே சோதனைக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தோம். இன்னும் இரண்டு வாரம் கொடுத்திருந்தால் இன்னும் 200 அதிகம் விற்கும் பொருள்களைச் சோதித்திருப்போம்.

அதனால் பாடத்துக்கு நான் மூன்று கேள்வி வைத்துக்கொள்கிறேன். இதைப் படிப்பவர் என்ன செய்வார் என்று ஒரு செயலைச் சொல்ல முடிகிறதா? அந்தச் செயலை நாங்கள் அப்போது செய்திருந்தால் இந்தத் தோல்வி நின்றிருக்குமா? அதைச் செய்ய எவ்வளவு நேரம், எத்தனை ஆள் ஆகும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பாடம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

நான்காவது பதிவில் பாடம் இப்படி ஆனது: தரவை மாற்றிய புரோகிராமே போடும் கூட்டுத்தொகையை வைத்து அந்த மாற்றத்தைச் சரிபார்க்காதீர்கள். ராக்கில் போய் எண்ணுங்கள். எண்ண வேண்டியவற்றை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், பேக் எழுதப்பட்ட ஒவ்வொரு விதத்திலிருந்தும் எடுங்கள்.

முதல் கேள்வி தேறியது. இரண்டாவதுக்கு நான் பழைய தரவை மறுபடி திறந்து பார்த்தேன். பேக் கட்டத்தில் மொத்தம் 23 விதமான எழுத்து இருந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து எடுத்தால் 115 பொருள். `15'S` வகையில் எந்த ஐந்தை எடுத்திருந்தாலும் ஐந்துமே தப்பாக வந்திருக்கும். தேறியது. மூன்றாவது: 115 பொருளை ராக்கில் எண்ண இரண்டு பேருக்கு அரை நாள். இந்த "அரை நாள்" என்ற சொல்தான் பதிவில் அதிகம் பேரைத் தொட்டது. எல்லோருக்கும் அந்த அரை நாள் இருக்கிறது.

தாளில் வேறு பாடங்களும் இருக்கும். எனக்கும் இருந்தன. மாத முதல் தேதியில் மாறியது தப்பு, குடோன் பொறுப்பாளரைக் கூட்டங்களுக்கு அழைக்காதது தப்பு, பழைய சிஸ்டத்தைப் பக்கத்திலேயே ஒரு வாரம் ஓட்டாதது தப்பு. எல்லாவற்றையும் ஒரே பதிவில் போட ஆசை வரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை வேறொரு நாளைக்கு ஆகும். ஏழு பாடம் உள்ள பதிவைப் படித்தவருக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

மூன்றாம் படி: யாருடைய கதை இது என்று பாருங்கள்

திட்டம் உங்களுடையது. அதில் இருந்த தகவல் பெரும்பாலும் உங்களுடையது அல்ல. வேலைக்குச் சேரும்போது போட்ட ரகசிய ஒப்பந்தத்தையும், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அதே மாதிரி உள்ள பகுதியையும் எடுத்துப் படியுங்கள். பாக்கிப் பணம், நஷ்ட ஈடு என்று ஏதாவது இழுபறியில் இருந்தால் அது முடியும் வரை எழுத வேண்டாம். நீங்கள் நேர்மையாக ஒப்புக்கொண்ட ஒரு வரியை எதிர்த்தரப்பு எடுத்து வைக்க முடியும். என் ஒன்றரை வருடத்தில் பாதி இதற்காகக் காத்திருந்தது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். லிங்க்டினில் அது போதாது. உங்கள் பெயரைத் தட்டினால் நீங்கள் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை எங்கே வேலை பார்த்தீர்கள் என்று அங்கேயே இருக்கிறது. "கடந்த ஏப்ரலில், கோவையில், ஒரு பெரிய மருந்து விநியோகஸ்தர்" என்று எழுதினால் அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. நான் ஊரை எடுத்தேன், மாதத்தை எடுத்தேன், "சில வருடங்களுக்கு முன்" என்று வைத்தேன். பொருள் எண்ணிக்கையை மட்டும் விட்டேன். பல விநியோகஸ்தர்களிடம் அந்த அளவில் பொருள்கள் உண்டு. படிப்பவருக்கும் அளவு தெரிய வேண்டும். எந்தத் தகவலை வைப்பது, எதை எடுப்பது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான்: பாடத்தைப் புரிந்துகொள்ள இது வேண்டுமா? `15'S` வேண்டும். ஊர் வேண்டாம்.

உடன் வேலை செய்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியது எங்கள் குழுவில் வயதில் சிறிய ஒரு பையன். பதிவில் அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. "எங்கள் ஜூனியர் ஒருவர்" என்றுகூட எழுதவில்லை. குழுவில் ஜூனியர் ஒருவர்தான் இருந்தார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் எண்ணை எடுத்தால் போதும் என்று ஒப்புதல் கொடுத்தது நான், சோதனைக்கு அந்த 200 பொருளைத் தேர்ந்தெடுத்ததும் நான். அதனால் "நான்" என்று எழுத முடிந்தது. உங்கள் கதையில் "நான்" என்று உண்மையாக எழுத ஒரு முடிவுகூட இல்லை என்றால், அந்தக் கதையை நீங்கள் சொல்லக்கூடாது. அது இன்னொருவரைப் பற்றிய புகாராகத்தான் போய் முடியும்.

இதை நன்றாகச் செய்த ஒரு நிறுவனத்தை இங்கே சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸில் அழிக்க நினைத்ததை முதன்மை டேட்டாபேஸில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி அளவுதான் மிஞ்சியது. அதன்பின் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. அவர் தப்பான இடத்தில் கட்டளை கொடுத்ததை ஒளிக்கவும் இல்லை. ஆனால் அறிக்கை அதோடு நிற்காமல், காப்புப் பிரதி ஏன் கிடைக்கவில்லை என்று தோண்டியது. காப்பு எடுக்கும் கருவி டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பில் ஓடி, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் முறையாகக் கையொப்பமிடப்படாததால் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அதைப் படித்த பலர் அன்றே தங்கள் காப்புப் பிரதிகளைத் திறந்து பார்த்திருப்பார்கள். நானும் பார்த்தேன். ஆள் யார் என்று தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை. மின்னஞ்சல் ஏன் வரவில்லை என்று தெரிந்ததுதான் பயன்பட்டது. ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: அது ஒரு நிறுவனம் தன் கதையைத் தானே சொன்னது. நீங்கள் தனி ஆள். அந்த அளவு விவரம் கொடுக்க உங்களுக்கு அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்பது நினைப்பதைவிட எளிது. எழுதி முடித்த பதிவை என் பழைய மேலாளருக்கும், அந்தப் புரோகிராம் எழுதிய பையனுக்கும், குடோன் பொறுப்பாளருக்கும் அனுப்பினேன். "இதில் எடுக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். மேலாளர் ஒரு தொகையை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பையன், "அண்ணா, விலையையும் 15-ஆல வகுத்தோமே, அதை விட்டுட்டீங்க" என்று எழுதினான். என் தாளில் இருந்த அந்த விஷயம் பதிவுக்கு வரும்போது விட்டுப்போயிருந்தது. மதிப்பு ஏன் பொருந்தியது என்பதை அவன்தான் திரும்பச் சேர்க்க வைத்தான். கதையின் உயிரே அதுதான்.

நான்காம் படி: முதல் இரண்டு வரி

லிங்க்டினில் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது இரண்டு மூன்று வரிதான். மீதி `…more` என்பதைத் தட்டினால்தான் திறக்கும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் போனில் அந்த வரிகளில் பதினைந்து இருபது சொல்கூட அடங்காமல் போகலாம். "தோல்வியே வெற்றியின் முதல் படி என்பார்கள்" என்று தொடங்கினால் அந்த இடம் முழுக்க அதற்கே போய்விடும்.

அங்கே ஒரு காட்சியை வையுங்கள், அதுவும் தப்பு வெளியே தெரிந்த கணத்தை. யார் சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்பது உங்கள் நாட்குறிப்பில் இருக்கும். மூன்றாவது நாள் குடோன் பொறுப்பாளர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியில் இருந்ததை அப்படியே எடுத்தேன். அதைவிட நல்ல தொடக்கத்தை நான் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

ஐந்தாம் படி: எழுதுங்கள்

ஒரு பதிவுக்கு 3,000 எழுத்து வரம்பு. தமிழில் 'க' ஒன்று, ஆனால் 'க்', 'கி', 'கோ' எல்லாம் இரண்டாகக் கணக்காகும். அதனால் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும். இருநூறு சொல்லுக்குள் முடிப்பது நல்லது. தடித்த எழுத்து வசதி பதிவில் கிடையாது, அது தேவையும் இல்லை. பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டால் போதும். நான் கடைசியில் வெளியிட்டது இது:

> "தம்பி, சிஸ்டத்துல அறுநூறுன்னு காட்டுது. ராக்குல நாற்பதுதான் இருக்கு."
>
> புது ஸ்டாக் மென்பொருள் ஓடத் தொடங்கிய மூன்றாவது நாள், குடோன் பொறுப்பாளர் அனுப்பிய செய்தி இது. பழக்கமில்லாததால் வரும் குழப்பம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். ஒன்பதாவது நாள் வாடிக்கையாளர் பழைய சிஸ்டத்துக்குத் திரும்பினார். ஒப்பந்தமும் போனது.
>
> நடந்தது: பழைய சிஸ்டத்தில் சில மருந்துகள் பெட்டிக் கணக்கு (10X10), சில பட்டைக் கணக்கு (15'S). முதலில் வரும் எண்ணால் பெருக்கினால் போதும் என்று ஒப்புதல் கொடுத்தவன் நான். 15'S மருந்துகளின் இருப்பு 15 மடங்கானது. 11,400-ல் சுமார் 1,700 பொருள்கள்.
>
> சரிபார்த்தோம். எண்ணிக்கை பொருந்தியது, ஸ்டாக் மதிப்பும் பொருந்தியது. இருப்பைப் பெருக்கிய அதே புரோகிராம் விலையை வகுத்திருந்தது. 40 × 30-ம் 1,200, 600 × 2-ம் 1,200. கையால் சோதித்த 200 பொருளும் அதிகம் விற்பவை, அவை எல்லாமே பெட்டிக் கணக்கு.
>
> இப்போது நான் செய்வது: பேக் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுப்பேன். (அங்கே 23 இருந்தன.) ஒவ்வொரு விதத்திலும் ஐந்து பொருளை ராக்கில் போய் எண்ணுவேன். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. மாற்றிய புரோகிராம் தரும் கூட்டுத்தொகையை ஆதாரமாக எடுக்க மாட்டேன்.
>
> இது ராக்கில் எண்ண முடிகிற சரக்குக்கு. வரவு செலவு பாக்கிகளுக்கு ராக் கிடையாது. அங்கே வங்கி அறிக்கையையோ, எதிர்த்தரப்பிடம் உள்ள கணக்கையோ வைத்துத்தான் பார்க்க முடியும்.
>
> மருந்து ஸ்டாக்கை மாற்றியவர்களிடம் ஒரு கேள்வி: பேக் கட்டத்தில் வேறு எந்த விதமான எழுத்து உங்களை ஏமாற்றியது?

இதில் சில இடங்களைக் காட்டுகிறேன். "சரிபார்த்தோம்" என்று தொடங்கும் பத்திதான் பதிவின் நடு. மற்றவர்கள் ஏமாறப் போவதும் அந்த இடத்தில்தான். அதனால் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டினேன். இரண்டு பெருக்கல் போதும், யாருக்கும் புரியும். "மதிப்பு தவறாகப் பொருந்தியது" என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

"ஒப்பந்தமும் போனது" என்று நஷ்டத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்று எவ்வளவு வலித்தது, எத்தனை இரவு தூங்கவில்லை என்றெல்லாம் இரண்டாவது பதிவில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்கள் எல்லாம் ஆறுதலாகத்தான் இருந்தன. தரவு மாற்றம் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் அன்றே அழித்தேன். அதேபோல் "ஆனால் இன்று அதே அனுபவத்தால் பெரிய திட்டம் ஒன்றை வென்றேன்" என்று முடிக்கவும் கூடாது. அப்படி முடித்தால் தோல்வி விளம்பரத்துக்கு முன்னுரையாகிவிடும்.

எல்லையைச் சொல்லும் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு திட்டத்தில் கற்றதை எல்லாத் திட்டங்களுக்கும் விதி என்று எழுதினால் அனுபவசாலிகள் முதல் கருத்திலேயே அதைப் பிடித்துவிடுவார்கள். பிறகு பேச்சு அங்கேயே சுற்றும். எங்கே இது உதவாது என்று நீங்களே சொல்லிவிட்டால் அவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

கடைசிக் கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். "உங்கள் கருத்து என்ன?" என்றால் "அருமை சார்" என்றுதான் வரும். அந்த வேலையைச் செய்தவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பதில்கள் குறைவாக வரும், ஆனால் வருபவை பயன்படும்.

வெளியிட்ட பிறகு

முதல் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்க முடிகிற நாளாகப் பார்த்து வெளியிடுங்கள். அந்த நேரத்தில் வரும் கேள்விகளுக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

கடுமையான பதில் ஒன்றாவது வரும். எனக்கு ஒருவர், "தரவு சுத்தமாக இல்லாத வாடிக்கையாளரிடம் வேலை எடுத்ததே தப்பு" என்று எழுதினார். இது என் மூன்றாவது பதிவின் பாடம்தான். அதனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது: அந்தக் கட்டத்தை அவர்கள் தங்களுக்காக எழுதினார்கள், பதினான்கு வருடம் அது அவர்களுக்குத் தப்பில்லாமல் வேலை செய்தது, அதைப் புரிந்துகொள்ள வேண்டியது என் வேலை. அதற்குமேல் வாதாடவில்லை. வாடிக்கையாளரைக் குறை சொல்லும் பதில்களுக்கு விருப்பக்குறிகூடப் போடாதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாராவது "இது அந்த நிறுவனம்தானே?" என்று பெயரைப் போட்டுக் கேட்டால், உங்கள் பதிவின் கீழ் வந்த கருத்து என்பதால் அதை நீங்களே நீக்க முடியும். நீக்கிவிட்டு அவருக்குத் தனிச் செய்தியில் காரணத்தைச் சொல்லுங்கள்.

பதிவில் தகவல் பிழை தெரிந்தால் திருத்துங்கள். திருத்தப்பட்டது என்று லிங்க்டின் காட்டும். ஆனால் எது மாறியது என்று தெரியாது. அதனால் என்ன மாற்றினேன் என்பதை ஒரு கருத்தாகவும் போடுவது நியாயம்.

என் கேள்விக்கு வந்த பதில்களில் ஒன்றை இன்றும் பயன்படுத்துகிறேன். வேறொரு ஊரில் மருந்து குடோன் கணக்குப் பார்க்கும் ஒருவர் எழுதியது. கம்பெனி ஒரு மருந்தின் பேக்கை `10X10`-லிருந்து `20X15`-க்கு மாற்றியிருக்கிறது. பொருளின் பெயர் அதேதான். புது சரக்கு வந்ததும் கடையில் பேக் கட்டத்தைப் புதியதாக மாற்றிவிட்டார்கள். ராக்கில் பழைய பேட்சும் புது பேட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பழைய பெட்டியில் பத்து பட்டை, புதியதில் இருபது. பட்டியலில் பார்த்தால் எல்லாமே `20X15`. பேக் எழுதிய விதத்தை வைத்து ஐந்து பொருள் எடுக்கும் என் முறையில் இது மாட்டாமல் போகலாம். அவர் சொன்னது: பொருள் வாரியாக எண்ணாதீர்கள், பேட்ச் வாரியாக எண்ணுங்கள், ஒரே பொருளுக்கு இரண்டு பேட்ச் இருந்தால் இரண்டு பெட்டியையும் திறந்து பாருங்கள். அன்றே அதைப் பதிவின் கீழ் ஒரு கருத்தாகச் சேர்த்தேன். அதன்பின் செய்த இரண்டு மாற்றங்களில், எண்ண வேண்டிய பட்டியலைப் பேட்ச் வாரியாகத்தான் எடுத்தோம்.